சைனை வகையிட்டவர்கள் - ஆரியபட்டர் முதல் ஆய்லர் வரை

பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் தனிச்சீரிசை இயக்கம் என்ற பாடத்தில் மூன்று வரிகள் வரும். எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

x = A sin ωt
v = Aω cos ωt
a = −Aω² sin ωt = −ω²x

முதல் வரி இடப்பெயர்ச்சி. அதை நேரத்தைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டால் திசைவேகம், இன்னொரு முறை வகையிட்டால் முடுக்கம். தேர்வில் இரண்டு மதிப்பெண், இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்த மூன்று வரிகளும் இதே வரிசையில், இதே காரணத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுவதற்கு 1200 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதைவிட வேடிக்கை, முதலில் கிடைத்தது மூன்றாவது வரிதான். அது சுருள்வில்லிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வந்தது.

இந்தக் கதையை இரண்டு கோஷ்டிகள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. "நுண்கணிதம் முழுவதையும் நம்மவர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "நியூட்டனுக்கு முன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியாது" என்பது மற்றொன்று. எண்களை எடுத்துப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை என்று தெரியும். எண்களையே பார்ப்போம்.

ஆரியபட்டரின் 24 எண்கள்

ஆரியபட்டர் 499-ல் இயற்றிய ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணை ஒன்று இருக்கிறது. அன்று சைன் என்பது விகிதம் அல்ல, வட்டத்துக்குள் வரையும் ஒரு கோட்டின் நீளம். வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா என்ற சொல்லால் அதை அழைத்தார்கள். வட்டத்தின் ஆரம் 3438. ஏன் இந்த விசித்திரமான எண்? முழு வட்டத்தில் 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, ஆக மொத்தம் 21600 கலைகள். சுற்றளவு 21600 என்றால் ஆரம் 21600/2π, அதாவது ஏறத்தாழ 3438. வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இன்று ரேடியன் என்ற பெயரில் நாம் செய்வதும் இதுதான். இது எவ்வளவு முக்கியம் என்பது கடைசியில் தெரியும்.

ஆரியபட்டர் கால் வட்டத்தை 24 பங்காக வெட்டினார். ஒவ்வொன்றும் 3¾ பாகை, அதாவது 225 கலை. அவர் கொடுத்தது சைன் மதிப்புகளை அல்ல, அடுத்தடுத்த சைன்களுக்கு இடையிலான வேறுபாடுகளை:

225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7

இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் சைன்கள் கிடைக்கும். முதல் எட்டைக் கூட்டினால் 1719, இது 30 பாகையின் சைன். 3438-ல் சரிபாதி, சரியாக இருக்கிறது. 24-ஐயும் கூட்டினால் 3438, அது 90 பாகை.

இந்த வேறுபாடுகள் முதலில் பெரியதாகவும் போகப்போகச் சிறியதாகவும் இருக்கின்றன. புள்ளி ஒன்று வட்டத்தில் சீராகச் சுற்றினால் அதன் சைன் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளர்கிறது என்று பொருள். இது திசைவேகத்தின் அட்டவணை. உதாரணமாக 60 பாகையில் (16-வது சைன்) முன்னால் உள்ள வேறுபாடு 119, பின்னால் உள்ளது 106. சராசரி 112½. 225-ல் சரிபாதி! cos 60° என்பதும் அரைதான். 45 பாகையில் 164-ம் 154-ம், சராசரி 159. 225-ஐ cos 45° ஆல் பெருக்கினால் 159.1.

இப்போது வேறுபாடுகளின் வேறுபாட்டை எடுத்துப் பாருங்கள். 225-லிருந்து 224-க்கு 1 குறைகிறது. அடுத்து 2, 3, 4, 5, 5, 6, 8 என்று போய்க் கடைசியில் 14, 15-ல் நிற்கிறது. சைன் வளர வளர, குறைவும் அதே விகிதத்தில் வளர்கிறது. ஆரியபட்டர் இதையே ஒரு விதியாகவும் சொன்னார். பிற்கால உரைகள் அதைப் புரிந்துகொண்ட ஒரு வடிவம் இது: அடுத்த வேறுபாடு வேண்டுமானால், இப்போதுள்ள வேறுபாட்டிலிருந்து இப்போதுள்ள சைனை 225 ஆல் வகுத்து வருவதைக் கழி.

செய்து பார்க்கலாம். இரண்டாவது சைன் 449. 449/225 என்பது ஏறத்தாழ 2. 224-ல் 2 போனால் 222. சரி. மூன்றாவது சைன் 671, வகுத்தால் 3. 222-ல் 3 போனால் 219. சரி. இப்படியே 210 வரை சரியாக வருகிறது. அடுத்து 1315/225 என்பது 5.84, அதாவது 6. விதிப்படி 204 வர வேண்டும், அட்டவணையில் 205 இருக்கிறது. ஏனென்றால் 225 என்ற வகுத்தி கொஞ்சம் சிறியது. சரியான வகுத்தி ஏறத்தாழ 233½. கேரளத்தில் நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கில் எழுதிய தந்திரசங்கிரகத்தில் இந்த 233½ வந்துவிடுகிறது.

"மாற்றத்தின் மாற்றம் சைனுக்கு நேர்விகிதம், ஆனால் எதிர்த்திசை." a = −ω²x என்பது இதைத்தானே சொல்கிறது? சுருள்வில்லும் இல்லை, விசையும் இல்லை, நேரமும் இல்லை. இருந்தாலும் கணக்கு அதே கணக்கு.

பாஸ்கரரும் நிலவும்

இந்த எண்களுக்குள் நேரம் நுழைந்தது கோள்களின் வேகத்தைக் கணக்கிட வேண்டி வந்தபோது. நிலவு சீரான வேகத்தில் போவதில்லை. சராசரியாக நாளுக்கு 790 கலை நகர்கிறது. சராசரி இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சைன் போல மாறுகிறது. அதன் உச்சம் சுமார் 5 பாகை, அதாவது 300 கலை.

இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய சித்தாந்த சிரோமணியில் கேட்கும் கேள்வி இது: இன்றைய இடத்தையும் நாளைய இடத்தையும் கழித்தால் ஒரு வேகம் கிடைக்கும். ஆனால் அது நாள் முழுவதற்குமான தோராயம். இந்தக் கணத்தில் வேகம் என்ன? அதற்கு அவர் தாத்காலிக கதி என்று பெயர் வைத்தார். நிலவு வேகமாக நகர்வதால் அதற்கு இந்த நுட்பமான வேகம் தேவை என்றும் சொன்னார். விடை: சைனின் மாற்றத்தைக் காண கோசைனால் பெருக்கு. இதே விதியை அவருக்கு முன்பே 932-ல் முஞ்சாலர் பயன்படுத்தியிருக்கிறார்.

நிலவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். சைனுக்குள் இருக்கும் கோணம் நாளுக்கு சுமார் 13 பாகை மாறுகிறது, ரேடியனில் 0.228. திருத்தம் 300 sin θ என்றால், அது மாறும் வேகம் 300 × cos θ × 0.228, அதாவது 68 cos θ கலை. ஆகவே நிலவின் வேகம் நாளுக்கு 722-லிருந்து 858 கலை வரை மாறும். திருத்தம் உச்சத்தில் (300 கலை) இருக்கும்போது cos θ பூஜ்யம், அப்போது திருத்தம் மாறுவதில்லை, நிலவு சராசரி வேகத்தில் போகிறது. உச்சத்தில் மாற்றம் பூஜ்யம் என்பதையும் பாஸ்கரர் கவனித்திருந்தார். ஊசல் கடைசிப் புள்ளியில் ஒரு கணம் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இது நுண்கணிதமா? சைன் என்ற ஒரு சார்பின் வகைக்கெழு கையில் இருக்கிறது, அதுவும் சரியாக. ஆனால் எந்தச் சார்பை எடுத்தாலும் வகையிடும் பொதுவான முறை பாஸ்கரரிடம் இல்லை. விசை என்ற கேள்வியும் அவர் முன்னால் இல்லை. ஒரு முக்கியமான விடை அவரிடம் இருந்தது, அந்த விடையைத் தரும் இயந்திரம் இல்லை. இப்படிச் சொல்வதுதான் இரு பக்கத்துக்கும் நியாயம்.

வகையிடாமலே விடை கண்டவர்கள்

ஐரோப்பாவில் கதை தலைகீழாக நடந்தது. அங்கே விசை முதலில் வந்தது. சுருள்வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ அதே விகிதத்தில் அது திருப்பி இழுக்கும் என்பதை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். 1678-ல்தான் புதிரை அவிழ்த்தார். விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதம், திசை எதிர். ஆனால் அந்த விசையில் பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும்?

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட பிரின்சிபியாவின் முதல் புத்தகத்தில் 38-வது தேற்றம் இதற்கு விடை சொல்கிறது. மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதமான விசையில் விழும் பொருளுக்கு, நேரத்தை ஒரு வட்ட வில்லாக எடுத்துக்கொண்டால், வேகம் அந்த வில்லின் சைன். கடந்த தூரம், ஆரத்திலிருந்து கோசைனைக் கழித்தது. நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவரே எழுதியது. ஆனாலும் அங்கே சைனை வகையிடும் வரி எதுவும் இல்லை, எல்லாமே வடிவியல்.

அந்த வாதத்தை இன்றைய மொழியில் இப்படிச் சொல்லலாம். A ஆரமுள்ள வட்டத்தில் ஒரு புள்ளி சீராகச் சுற்றுகிறது. அதன் வேகம் ωA, திசை தொடுகோட்டின் வழி. அதன் முடுக்கம் ω²A, திசை மையத்தை நோக்கி. (வட்ட இயக்கத்தில் மையவிலக்கு விசையின் அளவைப் பற்றிய தேற்றங்களை ஹைகன்ஸ் 1673-லேயே நிரூபணமின்றி வெளியிட்டிருந்தார்.) இப்போது பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டி, புள்ளியின் நிழலைச் சுவரில் பாருங்கள். நிழல் மேலும் கீழுமாக ஆடும். நிழலின் இடம் A sin ωt. தொடுகோட்டு வேகத்தில் நிழல் திசையில் விழும் பங்கு ωA cos ωt. மைய முடுக்கத்தின் பங்கு ω²A sin ωt, கீழ்நோக்கி. மூன்று வரிகளும் வந்துவிட்டன. எதையும் வகையிடவில்லை.

சைனின் நுண்ணிய மாற்றத்தை ஐரோப்பாவில் தனித் தேற்றமாக எழுதியவர் ரோஜர் கோட்ஸ். அவர் 1716-ல், 33 வயதில் இறந்துபோனார். அவருடைய எழுத்துகள் 1722-ல் அச்சாயின. வட்டத்தில் வில் துளியளவு நகர்ந்தால் ஒரு குட்டி முக்கோணம் உண்டாகிறது. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால் அந்தக் குட்டி முக்கோணமும், ஆரமும் சைனும் கோசைனும் சேர்ந்த பெரிய முக்கோணமும் ஒத்த வடிவம். ஆகவே சைனின் மாற்றத்துக்கும் வில்லின் மாற்றத்துக்கும் உள்ள விகிதம், கோசைனுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம். கோட்ஸ் இதைச் செய்ததும் சுருள்வில்லுக்காக இல்லை. வான அளவைகளில் சிறு பிழை வந்தால் விடை எவ்வளவு பிசகும் என்று பார்க்கத்தான். 1150-ல் பாஸ்கரருக்கு வந்த அதே தேவை.

ஆய்லருக்கு ஏன் வட்டம் போதவில்லை

வட்டத்தின் நிழலே எல்லாவற்றையும் தந்துவிடும்போது வகையிடுவதற்கு என்ன அவசியம்? இந்தக் கேள்விக்கு விடை 1739-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் வந்தது. லியோனார்டு ஆய்லர் அங்கே ஒரு புதுவகை ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார் (1750-ல்தான் அச்சானது). தானாகவே ஆடக்கூடிய ஒரு பொருளை, வெளியிலிருந்து இன்னொரு சீரான விசையும் விட்டு விட்டு இழுத்தால் என்ன ஆகும்?

இங்கே வட்டமும் நிழலும் உதவாது. பொருள் எந்த வட்டத்தின் நிழலாகவும் ஆடாது. சைனை ஒரு கோடாக நினைப்பதை விட்டு, நேரத்தைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஒரு சார்பாக நினைக்க வேண்டும். வகையிட வேண்டும். சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். வெளி விசை, பொருளின் சொந்த அதிர்வெண்ணிலேயே இழுப்பதாக வைத்துக்கொண்டு இந்த இயக்கத்தை முயன்று பாருங்கள்:

x = t sin ωt
v = sin ωt + ωt cos ωt
a = 2ω cos ωt − ω² t sin ωt

கடைசி வரியில் இரண்டாம் உறுப்பு −ω²x தான். அது சுருள்வில்லின் பங்கு. மிச்சம் 2ω cos ωt. அதே அதிர்வெண்ணில் ஆடும் வெளி விசை இது. அப்படியானால் x = t sin ωt என்பதே விடை, வீச்சு நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும்! ஒத்ததிர்வு என்று இன்று படிப்பதை ஆய்லர் இப்படிக் கணக்கிலேயே கண்டார். (உண்மையில் உராய்வு ஒரு கட்டத்தில் அதை நிறுத்திவிடும், அல்லது அதற்குள் பொருள் உடைந்துவிடும்.)

1748-ல் வந்த புத்தகத்தில் ஆய்லர் ஆரத்தை 1 என்று வைத்து சைனை ஒரு எண்ணாக்கினார். 1755-ல் வந்த வகை நுண்கணிதப் புத்தகத்தில் sin (x + dx) என்பதை விரித்து, dx மிகச் சிறியது என்பதால் cos dx-க்கு 1, sin dx-க்கு dx என்று போட்டு, வகைக்கெழு cos x என்று முடித்தார். இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதப்படுவது இதன் பேரன்தான்.

பழைய அட்டவணையில் ஒரு சுருள்வில்

இனி இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுருள்வில்லில் கட்டிய எடை 10 செ.மீ. வீச்சில், 2 நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது. 5 செ.மீ.யைத் தாண்டி வெளியே போகும்போது வேகமும் முடுக்கமும் என்ன?

ஆய்லர் வழி: ω = 2π/2 = 3.14. sin ωt = ½ என்பதால் கோணம் 30 பாகை. v = 10 × 3.14 × 0.866 = 27.2 செ.மீ./நொடி. a = −(3.14)² × 5 = −49.3 செ.மீ./நொடி².

ஆரியபட்டர் வழி: முழுச்சுற்றில் 96 படிகள், 2 நொடி. ஆக ஒரு படிக்கு 1/48 நொடி. 30 பாகையை ஒட்டிய வேறுபாடுகள் 199, 191. சராசரி 195. இதை 3438 ஆல் வகுத்து 10 செ.மீ.யால் பெருக்கினால் 0.567 செ.மீ., 48 ஆல் பெருக்கினால் 27.2 செ.மீ./நொடி. அப்படியே வந்துவிட்டது. 499-ஆம் ஆண்டின் அட்டவணையிலிருந்து!

முடுக்கத்துக்கு 199-ல் 191 போக 8. இதை 3438 ஆல் வகுத்து, 10 ஆலும், 48 × 48 ஆலும் பெருக்கினால் 53.6. சரியான விடை 49.3. ஏன் இவ்வளவு பிசகு? உண்மையில் அந்த இடத்தில் குறைவு 7.36. முழு எண்ணாக்கிய அட்டவணையில் அது 8 ஆகிவிட்டது. 195-ல் அரை எண் தவறினால் ஒன்றும் தெரியாது. 7-ல் அரை எண் தவறினால் விடையே மாறிவிடும். ஆய்வகத்தில் ஊசலைப் படமெடுத்து, அளவுகளைக் கழித்துக் கழித்து முடுக்கம் காண முயல்பவர்களுக்கும் இதே கதிதான் நேரும். வேகம் அழகாக வரும், முடுக்கம் தாறுமாறாகத் துள்ளும். அளவை இரண்டுமுறை கழிப்பதைவிட, பொருத்தமான சைனைக் கண்டுபிடித்து அதை இரண்டுமுறை வகையிடுவது மேல் என்பது இதனால்தான்.

கடைசியாக அந்த 3438. இதே கணக்கில் கோணத்தைப் பாகையில் வைத்து, ω = 180 என்று போட்டு வகையிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உச்ச வேகம் 10 × 180 = 1800 செ.மீ./நொடி, அதாவது மணிக்கு சுமார் 65 கி.மீ. மேசையில் ஆடும் சுருள்வில் பஸ் வேகத்தில் போகிறது என்றால் எங்கோ தப்பு. சைனின் வகைக்கெழு கோசைன் என்பது, வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளந்தால் மட்டுமே உண்மை. பாகையில் அளந்தால் π/180 என்ற எண் கூடவே ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது முறை வகையிட்டால் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும். 225 கலை வில்லுக்கு முதல் சைனும் 225 என்று ஆரியபட்டரின் அட்டவணை தொடங்குவதற்குக் காரணம், அவர் அந்த அலகைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததுதான்.

அந்த மூன்று வரிகளில் மூன்றாவது 499-ல் எண்களாக வந்தது. இரண்டாவது 932-லும் 1150-லும் நிலவுக்காக வந்தது. அந்த வரிகளுக்கு விசையோடு உறவு 1687-ல் கிடைத்தது. முதல் வரியை ஒரு சார்பாக எழுதி, மற்ற இரண்டையும் அதிலிருந்தே வகையிட்டுப் பெறும் வழக்கம் 1739-க்குப் பிறகுதான் வந்தது.